h6-க்குப் பாயும் முன்: ஃபியான்செட்டோ ராஜாவைத் தாக்கும்போது செய்யும் தவறுகள்

மஞ்சக்குப்பத்தில் நான் செஸ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருத்தி, புதுச்சேரியில் ஒரு டோர்னமெண்ட் ஆடிவிட்டு, தோற்ற ஆட்டத்தின் தாளை நீட்டினாள். “சார், நீங்க சொன்ன மாதிரிதான் ஆடினேன். பிஷப்பை எடுத்துட்டேன். ராணி h6-ல நின்னுச்சு. அப்புறமும் எப்படித் தோத்தேன்?”

கறுப்பு டிராகன் ஆடியிருக்கிறது. காஸ்லிங் ஆன ராஜாவுக்கு முன்னால் g7-ல் பிஷப். வெள்ளை வழக்கமான அடுக்கில் வந்திருக்கிறது: e3-ல் பிஷப், d2-ல் ராணி, நீளப் பக்கம் காஸ்லிங், பிறகு h4. கறுப்பு h5 தள்ளி அதை நிறுத்தியதும் இவள் 13-வது மூவில் Bh6 ஆடிவிட்டாள். அதன் பின் நடந்தது இது:

```
13.Bh6 Bxh6 14.Qxh6 Rxc3 15.bxc3 Qa5
```

c8-ல் இருந்த யானை c3 குதிரையை வெட்டிவிட்டது. குதிரைக்கு யானையைக் கொடுப்பது நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் c3-ல் இப்போது இரட்டைச் சிப்பாய். கறுப்பு ராணி a5-ல் நின்று அதைக் குறிவைக்கிறது, f8 யானையும் c8-க்கு வரப்போகிறது. வெள்ளை ராஜா திறந்த வெளியில் நிற்க, அதைக் காக்க வேண்டிய ராணியோ பலகையின் மறு ஓரத்தில் இருக்கிறது.

இவள் ராணியின் ஒரு வேலையை மட்டும் பார்த்தாள். d2-ல் இருக்கும்போது அது h6-ஐக் குறிவைக்கிறது. அதோடு c3-க்குக் காவலாகவும் நிற்கிறது. யானை அங்கே வெட்டினால் ராணியாலேயே திருப்பி வெட்டலாம், சிப்பாய்கள் கலையாது. பிஷப்பை மாற்றும் மூவே ராணியை h6-க்கு இழுத்துவிடுகிறது, அந்த நொடியில் c3-க்கு b சிப்பாயைத் தவிர ஆள் இல்லை. அதனால் Bh6 ஆடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னேன்: “ராணி h6-ல இருக்கும்போது c3-ல வெட்டினா, நான் எதால திருப்பி வெட்டுவேன்?” b சிப்பாயால் என்பதுதான் பதிலென்றால் இன்னும் நேரம் வரவில்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டும் ஆட்டம் கார்போவ் – கோர்ச்னாய், மாஸ்கோ, 1974, கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் 2-வது ஆட்டம். கார்போவ் h சிப்பாயைக் கொடுத்து h வரிசையைத் திறந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் உடனே Bh6 பாய்ந்திருப்பார்கள். அவரோ 16-வது மூவில் d4 குதிரையை e2-க்குப் பின்வாங்கினார். தாக்குதலுக்கு நடுவே பின்வாங்குவதா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இனி c3-ல் யானை வெட்டினால் e2 குதிரை திருப்பி வெட்டும், ராணிக்கு விடுதலை. அதற்குப் பிறகுதான் 17.Bh6 Bxh6 18.Qxh6.

அதே ஆட்டம் இரண்டாவது தவறையும் காட்டுகிறது. g7 பிஷப் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அது. ராணி h6-லும் யானை h1-லும் நின்றாலும், f6 குதிரை இருக்கும்வரை h7 விழாது. அதனால் கார்போவின் குறி முழுக்க அந்தக் குதிரை மேல் திரும்புகிறது:

```
19.Rd3 R4c5 20.g5 Rxg5 21.Rd5 Rxd5 22.Nxd5
```

c வரிசையில் இருந்த யானையை ஒரு சிப்பாயைக் காட்டி g5-க்கு இழுத்துவிட்டார். அடுத்து d5-ல் யானையைப் பலி கொடுக்கிறார். f6 குதிரை அதை வெட்டினால் Qxh7+ Kf8, பிறகு Qh8 மேட். யானையே வெட்ட வேண்டியிருக்கிறது, உடனே c3 குதிரை d5-ல் வந்து உட்கார்ந்து f6-ஐ மிரட்டுகிறது. 24-வது மூவில் e5 தள்ளி, கறுப்பு ராணி g5-க்கு வந்து செக் கொடுக்கும் வழியையும் அடைத்தார். அடுத்த மூவில் f6 குதிரை போயிற்று. அதன் பிறகுதான் Qxh7+. 27-வது மூவில் கோர்ச்னாய் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று சின்னது, ஆனால் எங்கள் பிள்ளைகள் அடிக்கடி மறப்பது. Bh6 ஆடும் முன் f8-ஐப் பாருங்கள். யானை அங்கே இருந்தால், பிஷப் h8-க்கு ஒதுங்கும்போது யானையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். யானை e8-க்கு ஏற்கெனவே போயிருந்தால் கறுப்பு நிம்மதியாக Bh8 ஆடிவிடும். பிஷப் உயிரோடு மூலைவிட்டத்தில் இருக்கும், உங்கள் சொந்த பிஷப்போ h6-ல் நின்று ராணியின் வழியை மறைக்கும். கறுப்பு e8-க்கு யானையை நகர்த்துவதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

அந்தப் பிள்ளை 12-வது மூவ் வரைக்கும் காய்களை மறுபடி அடுக்கினாள். இந்த முறை கை h6 பக்கம் போகவில்லை. c3-ஐயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிஷப்பை g5-ல வெச்சுட்டு, ராணியை d2-லயே விட்டா?” என்று கேட்டாள். 13.Bg5. டிராகன் ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் முதலில் எதிர்பார்க்கும் மூவ் அதுதான்.