பேரவைக் கூட்டத்தில் கொள்முதல் போனஸை விளக்குவது எப்படி?

கடலூரில் ஒரு சிறிய கூட்டுறவுப் பண்டகசாலைக்குச் செயலாளராக இருக்கிறேன். லாபத்தில் ஒரு பகுதியை, உறுப்பினர்கள் கடையில் வாங்கிய அளவுக்கு ஏற்ப அவர்களுக்கே திருப்பித் தருவதுதான் கொள்முதல் போனஸ். வருடா வருடம் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "யாருக்கு எவ்வளவு போனஸ், ஏன்?" என்று சொல்வது என் வேலை. புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன். தணிக்கை முடிந்து நிகர லாபம் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பிரிக்க வேண்டிய தொகை

நிகர லாபம் 1,50,000 ரூபாய் என்றால் அவ்வளவையும் பிரித்துவிட முடியாது. காப்பு நிதி, கல்வி நிதி, பங்கு ஈவு போன்றவற்றைச் சட்டமும் துணைவிதியும் சொல்கிறபடி முதலில் எடுத்துவிட வேண்டும். அதெல்லாம் 87,000 ஆனது என்று வையுங்கள். மிச்சம் 63,000. மேடையில் இந்த எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். லாபத்திலிருந்து ஆரம்பித்தால் "ஒன்றரை லட்சம் லாபம், எனக்கு இவ்வளவுதானா?" என்ற கேள்வியிலேயே கூட்டம் நின்றுவிடும்.

படி 2: எதால் வகுப்பது?

நான் விழுந்த பள்ளம் இதுதான். முதல் வருடம் 63,000-ஐ மொத்த விற்பனையான 50 லட்சத்தால் வகுத்தேன். நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 26 பைசா வந்தது. அதையே மேடையில் பெருமையாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "தம்பி, 63,000 பிரிக்கிறதாச் சொன்னீங்க. பட்டியலைக் கூட்டினா 52,000 சொச்சம்தான் வருது. பத்தாயிரம் எங்கே போச்சு?"

திருடியவனைப் போல நின்றேன். பணம் எங்கும் போகவில்லை. அந்த 50 லட்சத்தில் 8 லட்சம் உறுப்பினர் அல்லாதவர்கள் வாங்கியது. அவர்களுக்குப் போனஸ் கிடையாது, ஆனால் அவர்கள் பங்கையும் நான் வகுத்து ஒதுக்கியிருந்தேன். உறுப்பினர்கள் வாங்கிய 42 லட்சத்தால் வகுத்திருக்க வேண்டும். அப்போது நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 50 பைசா. வருடம் முழுக்க 36,400 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவருக்கு 546 ரூபாய். என் தப்புக் கணக்கில் அவருக்கு 458 தான்.

அன்றிலிருந்து பட்டியலை ஒட்டுமுன் எல்லாருடைய போனஸையும் கூட்டிப் பார்க்கிறேன். 63,000-ஐத் தொட்டு நிற்க வேண்டும். பைசாவை விட்டுவிடுவதால் சில நூறு குறையலாம், ஆயிரக்கணக்கில் குறைந்தால் எங்கோ பிழை.

படி 3: பட்டியல்

கணினியில் லிப்ரேஆபீஸ் கால்க் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். C நெடுவரிசையில் ஒவ்வொருவர் கொள்முதல், F1-ல் 63,000, F2-ல் 42,00,000.

```
=ROUNDDOWN(C2*$F$1/$F$2,0)
```

டாலர் குறியை விட்டுவிட்டு கீழே இழுத்தால் மூன்றாவது வரியிலிருந்தே பிழை காட்டும், அல்லது சம்பந்தமில்லாத எண் வரும்.

படி 4: பேச்சு

புரொஜெக்டர் வேண்டாம். கரும்பலகையும் சாக்பீஸும்தான் என் கட்சி. எழுதும்போது எல்லாரும் கூடவே கணக்குப் போடுகிறார்கள். நான் பேசுவது இப்படி:

"நாம் வெளிக்கடையில் வாங்கும்போது லாபம் கடைக்காரருக்குப் போகும். இங்கே கடையும் நம்முடையது, வாங்குவதும் நாம்தான். நீங்கள் கொடுத்த விலையில் கூடுதலாக நின்றதைத்தான் திருப்பித் தருகிறோம். அதனால் அதிகம் வாங்கியவருக்கு அதிகம் வருகிறது."

அப்புறம் கட்டாயம் ஒரு கேள்வி வரும். போன வருடம் ஒரு அக்கா கேட்டார்: "நானும் 500 ரூபாய்தான் பங்கு போட்டேன், பக்கத்து வீட்டுக்காரரும் 500தான். அவருக்கு 900, எனக்கு மட்டும் ஏன் சார் 150?" பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் வாங்கியது 60,000, நீங்கள் 10,000. பங்குக்குக் கிடைப்பது ஈவு, இருவருக்கும் அது சமம்தான். இது வாங்கியதற்கான போனஸ். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து 1844-இல் கடை திறந்தபோதே கொள்முதலைப் பார்த்துத்தான் லாபத்தைப் பிரித்தார்கள் என்பதையும் சொல்லலாம், ஆனால் ஒரே வரியில். சாப்பாட்டு நேரம் நெருங்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "பில்லில் உறுப்பினர் எண் இல்லாத வாங்கல்கள் என்ன ஆகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டுப் பிள்ளையை அனுப்பினால் எண் சொல்லாமல் வாங்கி வந்துவிடும், அந்தத் தொகை வெளியார் கணக்கில் விழும். அதனால் கொள்முதல் பட்டியலைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே பலகையில் ஒட்டி, பில்லைக் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்த சாமானையும் அப்போதே கழித்துவிடுவேன். 42 லட்சம் என்ற எண் அதன்பிறகுதான் உறுதியாகும். ஒருவருக்கு மட்டும் பின்னால் திருத்தினால் எல்லாருடைய தொகையும் மாறிவிடும்.