கேபி குறைந்தால் போதாது, பிக்சல் குறையணும்

ஏற்காட்டில் காபி இலைக்குத் துரு நோய் வந்திருக்கிறதா என்று கிளாட் ஏஐயில் படம் போட்டுப் பார்ப்பவர்கள் கவனத்துக்கு: ஜேபெக் தரத்தைக் குறைத்து 4 எம்பி ஃபைலை 400 கேபி ஆக்கினாலும், கிளாட் பயன்பாட்டை அளக்கும் டோக்கன் குறையாது. கணக்கு பிக்சலில்தான். அகலத்தை உயரத்தால் பெருக்கி 750ஆல் வகுத்தால் தோராயமான டோக்கன் வரும். 1200x900 படத்துக்கு 1440. அதையே 800x600 ஆக்கினால் 640. ஒரே உரையாடலில் கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் படம் மறுபடி கணக்கில் சேரும்.

முதலில் இலையை மட்டும் கிராப் செய்யுங்கள். செடியும் நிழல் மரமும் வேண்டாம். பிறகு இமேஜ்மேஜிக் நிரலில்:

```
magick ilai.jpg -resize "800x800>" siriya.jpg
```

இலையின் அடிப்பக்க ஆரஞ்சுப் பொடி சிறிய படத்தில் உங்கள் கண்ணுக்கே தெரியவில்லையா? அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள். 800க்குப் பதில் 1000 வைத்துப் பாருங்கள்.