50 பெரிதா, 400 பெரிதா? டோஸ் வளைகோட்டை வரைந்து பார்ப்போம்

டைக்ளோஃபெனாக் மாத்திரையில் 50 மில்லிகிராம் என்றும் இபுபுரூஃபன் மாத்திரையில் 400 என்றும் போட்டிருப்பதைப் பார்த்து, முதலாவது எட்டு மடங்கு வலுவானது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். ஒரு வேளை மாத்திரையாகப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வலியைக் குறைக்கின்றன. அந்த எட்டு மடங்கு, மருந்து எவ்வளவு குறைவாகப் போதும் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் வீரியம் (பொட்டன்சி). எவ்வளவு கொடுத்தாலும் மருந்து எட்டக்கூடிய உச்சம் எவ்வளவு என்பது வேறு கேள்வி, அது செயல்திறன் (எஃபிகசி). படித்து மனப்பாடம் செய்தால் இரண்டும் மறுபடி குழம்பிவிடும், அதனால் வரைந்துவிடலாம்.

படி 1. ஒரு விரிதாளைத் திறந்து இரண்டு கற்பனை மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். B1, C1 கட்டங்களில் உச்ச விளைவு: அ மருந்துக்கு 100, ஆ மருந்துக்கு 60. B2, C2 கட்டங்களில் தன் உச்சத்தில் பாதியை எட்டத் தேவையான டோஸ்: 10, 1. இதைத்தான் ED50 என்பார்கள்.

படி 2. A4 முதல் கீழே 0.1, 1, 10, 100, 1000 என்று டோஸ்களை மில்லிகிராமில் எழுதி, B4-இல் இதைப் போட்டு பக்கத்துக்கும் கீழுக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=B$1*$A4/(B$2+$A4)
```

1 மில்லிகிராமில் அ சுமார் 9, ஆ 30. 10-இல் அ 50, ஆ 54.5. 100-க்குப் போனால் அ 91, ஆ 59 மட்டும்தான். கிட்டத்தட்ட 12.5 மில்லிகிராமில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. ஆ வீரியம் மிக்கது, ஆனால் உச்சம் தாழ்ந்தது. வலி பெரிதென்றால் ஆ மருந்தை ஆயிரம் மில்லிகிராம் கொடுத்தாலும் அ-வின் இடத்தைப் பிடிக்காது.

படி 3. வரைபடம். நான் விழுந்த குழி இதுதான், இரண்டு முறை. முதலில் கோட்டு வரைபட வகையைத் தேர்ந்தெடுத்தேன். அது டோஸை எண்ணாகப் பார்க்காமல் வெறும் பெயர்ப்பட்டையாக எடுத்துச் சம இடைவெளியில் அடுக்கிவிட்டது. இங்கே பத்துப் பத்து மடங்காக இருப்பதால் தற்செயலாகச் சரியாகத் தெரியும், 15, 40 என்று இடையில் சேர்த்தவுடன் கோடு நெளியும். சிதறல் வரைபடம் எடுங்கள், கிடை அச்சை லாக் அளவுக்கு மாற்றுங்கள். சாதாரண அச்சில் செங்குத்தாக ஏறித் தட்டையாகும் கோடு, லாக் அச்சில் S வடிவம் எடுக்கும். இடப்பக்கம் இருக்கும் கோடு வீரியம் மிக்கது, உயரத்தில் முடியும் கோடு செயல்திறன் மிக்கது.

இரண்டாவது குழி ED50. நிலை அச்சில் 50-ஐப் பிடித்துக் கோடு போட்டு, ஆ-வின் ED50 சுமார் 5 என்று வாசித்தேன். தப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் *அதன்* உச்சத்தில் பாதி. ஆ-வுக்கு 30, அங்கிருந்து இறங்கினால் 1.

(பின்சேர்க்கை: முதல் வரிசையில் 0 போட்டேன், வரைபடம் அந்தப் புள்ளியைக் காட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, 0.01 என்று போடுங்கள். எனக்குப் பிடித்தது என்னவோ கையால் செமிலாக் தாளில் வரைவதுதான். அச்சு ஏன் அப்படி நெருங்குகிறது என்று விரலுக்கே புரியும்.)

படி 4. இப்போது நிஜ மருந்துகளுக்கு வருவோம். இபுபுரூஃபனுக்கு வலி குறைக்கும் கோடு 400 மில்லிகிராம் சுமாரில் தட்டையாகத் தொடங்கும். அதற்குமேல் இரண்டு மாத்திரையாகப் போட்டால் வலி நிவாரணம் பெரிதாகக் கூடாது. ஆனால் வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தனிக் கோடு இருக்கிறது, அது ஏறிக்கொண்டே போகும். கடும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படுவது அதன் உச்சம் உயரத்தில் இருப்பதால். ஃபென்டனில் மார்ஃபினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியமானது, அதனால் மைக்ரோகிராமில் அளக்கிறார்கள். ஆனால் 100 மடங்கு அதிக வலியைப் போக்குவதில்லை.

கஃபீன் இதற்கு எளிய துணை. தூக்கத்தைத் தூண்டும் அடினோசினின் ஏற்பிகளை அது அடைத்து விழிப்பைத் தருகிறது. முதல் கப் காபியில், அதாவது சுமார் 100 மில்லிகிராமில், தெரியும் வித்தியாசம் நான்காவது கப்பில் தெரியாது, ஏனென்றால் அடைக்க மீதமிருக்கும் ஏற்பிகள் குறைவு. கை நடுக்கமும் படபடப்பும் மட்டும் வேறு கோட்டில் ஏறும். அந்தக் கோட்டையும் அதே தாளில் வரைந்து, விழிப்பின் கோடு தட்டையாகும் இடத்தில் நடுக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.