புளியங்கொட்டையை வைத்துக் குடும்பக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டை நம்பியிருக்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு ஜூன் மாதம் கடினமானது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் வழிந்து வீணாகிவிடும் என்பதால், மழை நாட்களில் வெட்டு நின்று வருமானம் குறைகிறது. அதே மாதத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கும் இதே நெருக்கடிதான். அப்படியொரு ஜூன் மாதத்தில் பத்து வயதான என் மகள் 8,000 ரூபாய்க்குப் புது சைக்கிள் கேட்டாள்.

நான் முதலில் "பணம் இல்லை மக்களே" என்றேன். மறுநாளே சீட்டுக்காரரிடம் நான் பணம் எண்ணிக் கொடுத்ததை அவள் பார்த்துவிட்டு, "இல்லைன்னு சொன்னியே?" என்று கேட்டாள். உண்மையில் பணம் இருந்தது. அது வேறொன்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்றுதான் பிள்ளை முடிவு கட்டும். ஆகவே முதல் படியாக, "பணம் இல்லை" என்ற சொல்லைக் கையில் உண்மையாகவே ஒன்றும் இல்லாத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பெயர் சொல்லுங்கள்.

இரண்டாவது படி, மாத வருமானத்தைக் கண்ணால் காணச் செய்வது. ஒரு புளியங்கொட்டை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அந்த மாத வருமானம் 15,000 ரூபாய் என்பதால், 30 கொட்டைகளைத் திண்ணையில் கொட்டி மகளையே பிரிக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்கு 14, ஆட்டோ உட்படப் பள்ளிச் செலவுக்கு 7, மின்சாரத்துக்கும் கேஸுக்கும் 3, கூரை ஓடு மாற்றப் போடும் சீட்டுக்கு 3, பாட்டியின் மருந்துக்கு 2 என்று வைத்தபோது, அவள் உள்ளங்கையில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது. சைக்கிளுக்கு 16 வேண்டும் என்று அவளே எண்ணிச் சொன்னாள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இவ்வளவு தேவையில்லை; இந்த வாரம் பழமா பிஸ்கட்டா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும்.

மூன்றாவது படியில்தான் மிகுந்த கவனம் தேவை. எந்தக் குவியலில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்தையும் கூரையையும் நான் ஒரு தட்டால் மூடி வைத்தேன். பாட்டியின் மாத்திரையா உன் சைக்கிளா என்ற கேள்வியை ஒரு குழந்தையின் முன் வைப்பது கொடுமை. ஆசைப்பட்டதே குற்றம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

மூடாத குவியல்களைப் பார்த்து அவள் இரண்டு வழிகள் சொன்னாள். மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நடந்து வந்தால் ஆட்டோச் செலவில் ஒரு கொட்டை மிஞ்சும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியை விட்டால் இன்னொன்று மிஞ்சும். 4,000 ரூபாய்க்குப் பழைய சைக்கிள் ஒன்று கிடைக்கும் என்பதால், மாதம் இந்த இரண்டு கொட்டைகளை மட்டும் ஆகஸ்ட் முதல் நான்கு மாதம் ஒரு பாட்டிலில் சேர்த்தால் வாங்கிவிடலாம். நடந்து வந்தால் விளையாட்டு நேரத்தில் அரைமணி குறையும் என்பதையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் கோழிக்கறி அவளுக்கு மட்டும் உரியது அல்ல. தம்பி உடனே மறுத்தான். ஒருவருடைய ஆசைக்கான விலையில் ஒரு பங்கை இன்னொருவர் கொடுக்க நேரும் என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் புரிந்துகொள்கிறார்கள் என்பதால், அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை. சனிக்கிழமைகளில் சைக்கிள் தம்பிக்கு என்று முடிவானது.

இந்த முறை தவறிப் போவதற்கும் ஓர் அடையாளம் உண்டு. ஜூலையில் மகளின் செருப்பு வார் அறுந்து, அதை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடந்திருக்கிறாள். கேட்டதற்கு, "கொட்டை குறையுமே" என்றாள். கணக்கு அவளுக்குச் சுமையாகிவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தேன். தேவையானதைக்கூடப் பிள்ளை கேட்காமல் இருந்தால் கணக்கை நிறுத்திவிட்டு, செருப்பு, நோட்டு, மருந்து போன்றவை எப்போதும் கேட்கலாம் என்று சொல்லுங்கள். நான் செருப்பையும் தட்டின் கீழ் வைத்தேன்.

நான்காவது படி, முடிவை மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பது. அக்டோபரில் மாலை மழை வலுத்தபோது, ஆட்டோவுக்கான கொட்டையைத் திருப்பித் தரும்படி அவளே கேட்டாள். அக்டோபரிலும் நவம்பரிலும் மாதம் ஒன்றுதான் பாட்டிலில் விழும், ஆகவே நவம்பர் முடிவில் வரவேண்டிய சைக்கிள் டிசம்பர் முடிவில்தான் வரும் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, "பரவாயில்லை அம்மா, நனைய முடியாது" என்றாள்.