கவுன்சலிங் சென்டர் கேப்ஷன்ல "உங்களுக்கு டிப்ரெஷன்"னு எழுதிடாதீங்க

அக்டோபர் 10 உலக மனநல நாள் வந்தா நம்ம மாதிரி தோட்டத்து டவுன் சென்டருங்கள்லயும் ஒரு போஸ்டர் போடுவாங்க, அதுல பாதி இப்படித்தான் இருக்கும்: "தூக்கம் வரலையா? சாப்பாடு இறங்கலையா? எதுலயும் இஷ்டம் இல்லையா? உங்களுக்கு டிப்ரெஷன்! உடனே வாங்க."

பெரிய தப்பு அந்த நாலாவது வரிதான். செம்பனை மில்லுல நைட் ஷிஃப்ட் பாக்குறவருக்கு தூக்கம் கெடும், கைக்குழந்தை வச்சிருக்குற அம்மாவுக்கும் கெடும், தைராய்டு கோளாறு இருந்தா சோர்வும் மனசு சோர்ந்து போறதும் சேர்ந்தே வரும். கிளினிக் கெசிஹாத்தான்ல டிப்ரெஷன் அறிகுறி இருக்கான்னு பாக்க குடுக்குற PHQ-9 பாரம்கூட போன 2 வாரத்த பத்தி 9 கேள்விதான் கேக்கும், மார்க் கூடுதலா வந்தாலும் டாக்டர் உக்கார வச்சு பேசி பாத்துட்டுதான் என்னன்னு சொல்லுவார். அத ஒரு போஸ்டர் மூணு கேள்வியில முடிவு பண்ணவே கூடாது. பயந்துபோனவங்க வரமாட்டாங்க, "எனக்கு இதெல்லாம் இல்ல"னு தள்ளிட்டு போறவங்களும் வரமாட்டாங்க.

அடுத்தது "தெரிஞ்சவங்கள டேக் பண்ணுங்க"னு போடுறது, இத தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஒரே தாமான், ஒரே கோயில், ஒரே வாட்சப் குரூப், யாராச்சும் ஒரு பையன் கமெண்ட்ல மச்சான் பேர போட்டு "இது நீதான்டா"னு எழுதிட்டா சாயங்காலத்துக்குள்ள அவங்க வீட்டு வரைக்கும் போயிடும், அப்புறம் அவன் சென்டர் பக்கமே தலைகாட்ட மாட்டான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்"ங்கிறதும் முழுசா காப்பாத்த முடியாத வாக்கு. உயிருக்கு ஆபத்துன்னா கவுன்சலர் வேற ஆளுங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும், அத முன்னாடியே சொல்லிடணும். தற்கொலைக்கு முயற்சி பண்ணுனா கேஸ் போடுற 309-வது பிரிவ மலேசியாவுல 2023லயே எடுத்துட்டாங்க, ஆனா வாய தொறந்தா போலீஸ் வந்துடும்னு இன்னும் பயப்படுறவங்க நிறைய பேரு.

"எப்பவும் உங்களோட இருக்கோம்"னு போட்டுட்டு 5 மணிக்கு பூட்டிட்டு போறது இன்னும் மோசம், ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போட்டவங்களுக்கு பதில் வராதுல்ல.

நான்னா இப்படி எழுதுவேன்:

"கொஞ்ச நாளா மனசு பாரமா இருக்கா, தூக்கம் சரியில்லையா? காரணம் தெரியலன்னாலும் பரவால்ல, வந்து பேசுங்க. என்ன வியாதின்னு முடிவு பண்ண கூப்பிடல, நீங்க சொல்றத கேக்கத்தான். திங்கள்லருந்து வெள்ளி, காலை 9 – மாலை 5, கமெண்ட் வேணாம், நேரா வாட்சப் பண்ணுங்க, தமிழ்ல பேசுற கவுன்சலர் பதில் சொல்லுவாங்க. பேசுனது எங்களோட இருக்கும், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி கூப்பிடுவோம். மத்த நேரத்துல பிஃப்ரெண்டர்ஸ் ஹெல்ப்லைன் 03-7627 2929, அவசரம்னா 999."

நேரத்த உங்க சென்டருக்கு தகுந்த மாதிரி மாத்திக்குங்க. போஸ்ட் போடுற அன்னிக்கு அந்த வாட்சப்ப யார் பாக்குறாங்கன்னு பேர் சொல்லி முடிவு பண்ணிட்டு அப்புறமா போடுங்க.