பில் பிளாக் ஆச்சு, காரணம் ஸ்டோர்ல இருந்தது

எஸ்ஏபில ஒரு சப்ளையர் பில் பேமென்ட் பிளாக் R-ல நின்னுச்சு. பிஓ 100 மூட்டை, ரேட் 350 ரூபா, பில்லும் 35,000 தான், ரேட்ல வித்தியாசமே இல்ல, அப்புறம் ஏன்னு `ME23N`-ல பிஓ ஹிஸ்டரி பாத்தா ஜிஆர், அதாவது சரக்கு வந்த என்ட்ரி, 96 மூட்டைக்கு தான் இருக்கு. பில் என்ட்ரி போடுற MIRO பில்லை போஸ்ட் பண்ணிடும், ஆனா வந்த சரக்குக்கு மேல பில் இருந்தா பணத்தை மட்டும் நிறுத்திடும்.

`MRBR`-ல கையால ரிலீஸ் பண்ணுங்கன்னு அக்கவுண்ட்ஸ்ல ஒரே அவசரம். பண்ணலாம், ஆனா வராத 4 மூட்டைக்கும் பணம் போயி, வந்த சரக்கையும் பில்லையும் நேர் பண்ற ஜிஆர்/ஐஆர் கணக்குல 1,400 ரூபா தொங்கிட்டே இருக்கும். ஸ்டோர்ல கேட்டா அந்த 4 மூட்டை மறுநாள் தனி சலான்ல வந்திருக்கு, என்ட்ரி போடல. `MIGO`-ல அந்த 4 மூட்டைக்கும் ஜிஆர் போட சொல்லி, MRBR-ல ஆட்டோமேட்டிக் ரிலீஸ் ஓட்டினேன், பிளாக் தானா போயிடுச்சு.