நொதியும் வெப்பநிலையும்: அட்டவணை வினாவில் மதிப்பெண் எங்கே போகிறது?

அச்சுக்குப் பெயர் போடாதது, புள்ளியை ஒரு கட்டம் தள்ளி வைத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். விடைத்தாள் திருத்த உட்காரும்போதெல்லாம் எனக்கு எரிச்சலூட்டுவது வேறு ஒன்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதில் விழுகிறார்கள்.

நேரத்தை வேகம் என்று படிப்பது

வழக்கமாக வரும் வினாதான். அமைலேஸ் நொதியை ஸ்டார்ச் கரைசலோடு கலக்கிறார்கள். 20 வினாடிக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விடுகிறார்கள். கருநீலம் வராமல் போனால் ஸ்டார்ச் தீர்ந்துவிட்டது. அதற்கு ஆன நேரம்தான் அட்டவணையில் இருக்கும்:

| வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) | ஸ்டார்ச் தீர ஆன நேரம் (வினாடி) |
|---|---|
| 10 | 480 |
| 20 | 240 |
| 30 | 120 |
| 40 | 80 |
| 50 | 200 |
| 60 | 600 வினாடியிலும் தீரவில்லை |

நொதி எந்த வெப்பநிலையில் மிக வேகமாகச் செயல்பட்டது என்பது கேள்வி. ஒரு மாணவி 60 டிகிரி என்று எழுதியிருந்தார். 600தான் பெரிய எண், அதனால் அங்கேதான் செயல்பாடு உச்சம் என்று காரணமும் சொல்லியிருந்தார். அதோடு நிறுத்தாமல், வெப்பம் கூடக்கூட மூலக்கூறுகள் வேகமாக மோதுகின்றன என்று அரைப்பக்கம் அழகாக விளக்கம் வேறு. அறிவியல் அத்தனையும் சரி, ஆனால் இந்த அட்டவணைக்குப் பொருந்தாது. முதல் வரியில் சறுக்கியதால் அடுத்தடுத்த பிரிவுகளும் போயின. மனசு கேட்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன், மதிப்பெண் போட இடமே இல்லை.

அதிக நேரம் ஆனால் வேகம் குறைவு. தலைப்பில் ‘நேரம்’ என்று கண்டதும், வினைவேகம் காண 1000-ஐ அந்த நேரத்தால் வகுத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து 2.1, 4.2, 8.3, 12.5, 5.0 என்று வரும். இப்போது 40 டிகிரிதான் உச்சம் என்று பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்றும் தெரியும். 10-லிருந்து 20, 20-லிருந்து 30 என்று போகும்போது வேகம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 30-லிருந்து 40-க்குப் போகும்போது ஒன்றரை மடங்குதான். 40-ஐ நெருங்கும்போதே கொஞ்சம் நொதி இயல்பிழக்கத் தொடங்கியிருக்கலாம். நேரத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

வரைபடத்திலும் இதே கதைதான். செங்குத்து அச்சில் வேகம் இருந்தால் கோடு மேடாக ஏறி இறங்கும். நேரம் இருந்தால் பள்ளமாக இறங்கி ஏறும், உகந்த வெப்பநிலை பள்ளத்தின் அடியில் இருக்கும். மனப்பாடம் செய்த மேட்டையே பலர் இரண்டுக்கும் வரைந்துவிடுகிறார்கள். அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைப் பாருங்கள்.

அந்த 60 டிகிரி வரிசையில் 600 என்று புள்ளி வைக்காதீர்கள். 600 என்பது பரிசோதனையை நிறுத்திய நேரம், ஸ்டார்ச் தீர்ந்த நேரம் அல்ல. அந்த நேரத்துக்குள் முழுவதும் தீரவில்லை என்பதற்கு மேல் அட்டவணை எதையும் சொல்லவில்லை.

‘உகந்த வெப்பநிலை சரியாக 40’

அட்டவணையில் சோதித்தவற்றுள் 40 சிறந்தது, அவ்வளவுதான். உண்மையான உச்சம் 36 ஆகவும் இருக்கலாம், 44 ஆகவும் இருக்கலாம். 30-க்கும் 50-க்கும் இடையில் என்று எழுதுவதே பாதுகாப்பு. துல்லியமாகக் கண்டறிவது எப்படி என்று கேட்டால், அந்த இடைவெளிக்குள் 2 டிகிரி வித்தியாசத்தில் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சொட்டு எடுக்கும் இடைவெளியையும் குறைக்கச் சொல்லுங்கள். 20 வினாடிக்கு ஒருமுறை பார்த்தால், 80 என்பது 60-க்கும் 80-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

‘நொதி செத்துவிட்டது’

நொதி புரதம். சாகாது.

10 டிகிரியிலும் ‘இயல்பிழந்தது’ என்று எழுதுவது

இரண்டு ஓரத்திலும் வேகம் குறைவு என்பதால் ஒரே காரணத்தை இரண்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். குளிரில் நொதியின் வடிவம் கெடுவதில்லை. மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் குறைவதால் நொதியும் ஸ்டார்ச்சும் மோதுவது குறைகிறது, அவ்வளவே. 60 டிகிரியில் ஸ்டார்ச் வந்து பொருந்தும் இடமே உருமாறிவிடுகிறது. 10 டிகிரிக் குழாயை 40-க்குக் கொண்டுவந்தால் நொதி வேகமெடுக்கும். 60-ல் இயல்பிழந்த நொதியை 40-க்கு ஆறவைத்தாலும் பழைய வேகம் வராது. இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதினாலே அந்தப் பிரிவுக்கான மதிப்பெண் கிடைத்துவிடும்.